காசு ஏறுமா, போகுமா?

நத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டம் முடிந்து, பாயைச் சுருட்டுவதற்கு முன் ஏழு பேரை மட்டும் இருக்கச் சொல்லியிருந்தேன். என் கைபேசியில் ஒரே ஒரு திரை. ஒரு வங்கியின் செயலிக்காக நான் மொழிபெயர்த்த மோசடி எச்சரிக்கை அது. யாரோ ஒருவர் உங்களிடம் ₹2,000 கேட்டு யுபிஐ வழியாகக் கோரிக்கை அனுப்பினால், பணம் போவதற்கு முன் வரும் திரை. மேலே எச்சரிக்கை, கீழே இரண்டு பட்டன்கள். வலது பக்கப் பட்டனில் நான் எழுதியிருந்த சொல் “செலுத்து”.

“அக்கா, இந்தப் பட்டனைத் தொட்டா உங்க கணக்குல என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

முதலில் பதில் சொன்ன அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “ரெண்டாயிரம் ஏறும்.”

ஏழு பேரில் நான்கு பேர் அதையே சொன்னார்கள். இரண்டு பேர் தெரியவில்லை என்றார்கள். ஒருவர் மட்டும்தான் காசு போய்விடும் என்றார். அவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார், தினமும் யுபிஐ பார்ப்பவர்.

அந்தச் சொல்லை நான் இரண்டு முறை சரிபார்த்திருந்தேன். அகராதியில் பார்த்தாலும் இலக்கணப்படி பார்த்தாலும் அதில் தப்பே இல்லை. வீடு திரும்பும் பேருந்தில்தான் எங்கே தவறினேன் என்று புரிந்தது. வங்கிக் கிளைக்குப் போனால் நம் கணக்கில் பணம் போட நிரப்பும் தாளின் பெயர் செலுத்துச் சீட்டு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து “ஆயிரம் ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்” என்று செய்தியில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். நூறு நாள் வேலைச் சம்பளமும் கணக்கில் “செலுத்தப்படுகிறது”. அந்தப் பெண்கள் வங்கியோடு சேர்த்துக் கேட்ட இடமெல்லாம் செலுத்துதல் என்றால் தங்கள் கணக்குக்குக் காசு வருவது. கடைக்காரருக்குப் பணம் கொடுப்பதை அவர்கள் செலுத்துவது என்று சொல்வதே இல்லை.

மோசடிக்காரன் போனில் சொல்வதும் அதேதான். “அம்மா, உங்களுக்கு ரெண்டாயிரம் வந்திருக்கு. பட்டனை அமுக்கி நம்பரைப் போடுங்க, காசு ஏறிடும்.” அவன் பேச்சும் என் பட்டனும் ஒரே பொருளைச் சொல்லின. எச்சரிக்கைத் திரையே அவனுக்குச் சாட்சி சொல்வதுபோல் ஆகிவிட்டது. இதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதுவரை நான் ஆங்கில வாக்கியத்தை முன்னால் வைத்துக்கொண்டு தமிழ் வாக்கியத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு மோசடிக்காரன் சொல்லும் வாக்கியத்தை முன்னால் வைத்துக்கொண்டேன். அவன் என்ன வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறானோ அதற்கு நேர் எதிரான வினைச்சொல்லில் எச்சரிக்கை இருக்க வேண்டும். அவன் “ஏறும்” என்றால் திரை “போகும்” என்று சொல்ல வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன் முரண் தெரிய வேண்டும்.

பழைய எச்சரிக்கை இப்படி இருந்தது:

“நீங்கள் பணம் செலுத்தவுள்ளீர்கள். பணத்தைப் பெறுவதற்கு UPI PIN-ஐ உள்ளிட வேண்டிய அவசியமில்லை. அறியாத நபர்களின் கோரிக்கைகளை ஏற்பதைத் தவிர்க்கவும்.”

இதில் “செலுத்த” மட்டும் பிரச்சினை இல்லை. நடு வாக்கியத்தைப் பாருங்கள். காசு வாங்க ரகசிய எண் தேவையில்லை என்பது உண்மை. யுபிஐயில் பணம் அனுப்பத்தான் அந்த எண். பணம் வருவதற்கு எதுவும் போட வேண்டாம். ஆனால் போனில் ஒருவன் அவசரப்படுத்திக்கொண்டிருக்கும்போது, “தேவையில்லை” என்ற ஒரு சொல்லிலிருந்து “அப்படியானால் இப்போது கேட்பது காசு போவதற்கு” என்று முடிவுக்கு வர ஒருவர் இரண்டு படி யோசிக்க வேண்டும். அதற்கு அவருக்கு நேரம் இல்லை. குழுவில் ஒரு அம்மா அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, “போடத் தேவையில்ல, ஆனா போட்டாலும் தப்பில்ல, அப்படித்தானே பாப்பா?” என்று கேட்டார். எழுதியிருந்ததை அவர் சரியாகத்தான் படித்தார்.

“ஏற்பது” என்ற சொல்லும் அதே வலை. ஒருவர் தருவதை வாங்கிக்கொள்வதும் ஏற்பதுதான். கோரிக்கையை ஏற்றால் காசு கையை விட்டுப் போகும் என்பது சொல்லில் எங்கும் இல்லை.

நான்கு முறை மாற்றி எழுதி, இரண்டு முறை அந்தக் கிராமத்துக்குத் திரும்பப் போய், கடைசியில் நின்றது இது:

“உங்கள் கணக்கில் இருந்து ₹2,000 போகும்.
PIN போட்டால் பணம் போகும். பணம் வர PIN வேண்டாம்.”

பட்டன்களில் ஒன்று “₹2,000 அனுப்பு”, இன்னொன்று “வேண்டாம்”. தொகையைப் பட்டனுக்குள்ளேயே வைத்தது முக்கியம். மேலே உள்ளதைப் படிக்காமல் நேரே பட்டனைத் தேடுபவர்களே அதிகம். பட்டனில் “அனுப்பு” என்ற சொல்லும் தொகையும் சேர்ந்து இருந்தால், அதைத் தொட விரல் போகும்போதாவது கண்ணில் படும்.

வங்கியின் சட்டப் பிரிவில் “போகும்” என்ற சொல்லுக்கு எதிர்ப்பு வந்தது. பேச்சுவழக்காக இருக்கிறது, வங்கியின் மரியாதைக்குப் பொருந்தாது என்றார்கள். “பற்று வைக்கப்படும்” என்று போடச் சொன்னார்கள். பாஸ்புத்தகத்தில் வரவு, பற்று என்று இரண்டு பத்திகள் அச்சாகின்றன, உண்மைதான். ஆனால் பற்று என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் குழுவில் யாருக்கும் தன் காசு குறைவது நினைவுக்கு வரவில்லை. ஒருவர் பாசம் என்றார். ஒருவர் மளிகைக் கடைப் பற்று, அதாவது கடன் என்றார். அந்தப் பதில்களை எழுதி அனுப்பிய பிறகுதான் “போகும்” தப்பியது. “போகும்” நல்ல எழுத்துத் தமிழும்தான் என்பதை அந்தக் கடிதத்தில் சேர்த்திருந்தேன். எளிய சொல் என்பதாலேயே ஒரு சொல் கொச்சையாகிவிடாது.

PIN என்பதை ஏன் தமிழில் எழுதவில்லை என்று கேட்கலாம். முதலில் எழுதினேன். “பின்” என்று. “பின் உள்ளிடவும்” என்ற வரியைப் படித்த ஒரு அக்கா, கைபேசியைக் கீழே வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், “அப்புறம் போடச் சொல்லுது” என்றார். தமிழில் பின் என்றால் பிறகு, பின்னால். இதை நானே கவனித்திருக்க வேண்டும். “ரகசிய எண்” நல்ல சொல், பொருளும் தெளிவு. ஆனால் யுபிஐயில் அந்த எண்ணைப் போடும் பக்கம் நாங்கள் எழுதுவது இல்லை. அது தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் பொது மென்பொருளில் இருந்து வருகிறது. எங்கள் செயலியில் அது ஆங்கில எழுத்தில் UPI PIN என்றே வந்தது. முந்தைய திரையில் ரகசிய எண் என்று சொல்லிவிட்டு அடுத்த திரையில் UPI PIN என்று கேட்டால் இரண்டும் வெவ்வேறு என்று நினைக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த மூன்று எழுத்தின் வடிவத்தை அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஆகவே PIN என்றே விட்டேன். அந்தப் பக்கத்துக்குள் எச்சரிக்கை வைக்க முடியாது என்பதால், அதற்கு முந்தைய திரைதான் எங்களுக்குக் கடைசி வாய்ப்பு. எச்சரிக்கையை அங்கே சரியாக வைக்க இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் அதுதான்.

இனி பிழைச் செய்திகள்.

மொழிபெயர்ப்பாளருக்கு வரும் கோப்பில் வெறும் வரிகள்தான் இருக்கும். எந்தத் திரை, எப்போது வரும், அதற்கு முன் என்ன நடந்தது எதுவும் இருக்காது. அதில் ஒரு வரி: பரிவர்த்தனை தோல்வி, பணம் பிடிக்கப்பட்டிருந்தால் 3 முதல் 5 வேலை நாட்களில் திரும்ப வரும் என்ற பொருளில். முதல் முறை நான் அதைத் தமிழாக்கி அனுப்பிவிட்டேன். “பரிவர்த்தனை தோல்வியுற்றது. தொகை பற்று வைக்கப்பட்டிருப்பின் 3-5 வேலை நாட்களில் திரும்ப வழங்கப்படும்.”

என் அத்தைக்கு அந்தச் செய்தி நிஜமாகவே வந்தது. பேரனின் பள்ளி வேன் கட்டணம் ₹1,200 அனுப்பும்போது. படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். “தோத்துப்போச்சுன்னு வருது. காசு போச்சா, இருக்கா?” என்னால் சொல்ல முடியவில்லை. நானே எழுதிய வரியில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. “பிடித்திருந்தால்” என்றால் பிடித்ததா இல்லையா என்பதை அவரே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை மறுபடி அனுப்பிவிட்டார். வேன்காரருக்கு இரண்டு முறை போய்ச் சேர்ந்தது. அவர் தெரிந்தவர், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இது தமிழைத் திருத்தினால் சரியாகும் விஷயம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. செயலி எழுதுபவர்களிடம் போய் ஒரு கேள்வி கேட்டேன். “இந்த வரி திரையில் வரும் நொடியில், பணம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?” பெரும்பாலும் தெரியும் என்றார்கள். யுபிஐ ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு குறியீடு அனுப்புகிறது. Z9 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. ZM என்றால் போட்ட PIN தவறு. இந்த இரண்டிலும் பணம் நகரவே இல்லை என்பது நிச்சயம். நேரம் கடந்தும் பதில் வராத நிலை வேறு. அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. பணம் இங்கே பிடிக்கப்பட்டு அங்கே போய்ச் சேராதது மூன்றாவது நிலை. இந்த மூன்றுக்கும் ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாகப் பிரிக்க ஒப்புக்கொண்ட பிறகு தமிழ் எழுதுவது மிக எளிதாகிவிட்டது. பணம் எங்கே என்பதை முதல் வாக்கியத்தில் சொல், காரணத்தை அடுத்து, செய்ய வேண்டியதைக் கடைசியில். அவ்வளவுதான்.

பணம் நகராதபோது: “பணம் போகவில்லை. PIN தவறு. மறுபடி முயலுங்கள்.”

தெரியாதபோது: “காத்திருங்கள். பணம் போய்ச் சேர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை. இப்போது மறுபடி அனுப்ப வேண்டாம்.” இதில் மட்டும் வரிசையை மாற்றினேன், செய்ய வேண்டியது முதலில். அத்தை போன்றவர்களின் விரலை நிறுத்த வேண்டிய இடம் இது. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்ல வங்கி தயங்கியது. “செயலாக்கத்தில் உள்ளது” என்று போடலாமா என்றார்கள். அது யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

பிடிக்கப்பட்டுச் சேராதபோது: “உங்கள் கணக்கில் ₹1,200 பிடிக்கப்பட்டது. அவருக்குப் போய்ச் சேரவில்லை. 14 மார்ச் இரவுக்குள் உங்கள் கணக்குக்குத் திரும்பி வரும்.” அந்தத் தேதி செயலியே கணக்கிட்டுப் போடுவது. ரிசர்வ் வங்கி 2019-இல் இதற்குக் காலக்கெடு வைத்திருக்கிறது: ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் யுபிஐ பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், கடைக்குக் கொடுத்தது என்றால் 5 நாட்களுக்குள். தாமதமானால் நாள் ஒன்றுக்கு ₹100 வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். பழைய வரியில் இருந்த 3 முதல் 5 வேலை நாள் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வேறு ஏதோ கோப்பில் இருந்து ஒட்டிய வரி. மொழிபெயர்ப்பவர் கேட்காவிட்டால் தவறான வாக்குறுதி இரண்டு மொழியில் இருக்கும். “வேலை நாள்” என்பதும் கிராமத்தில் குழப்பியது. நூறு நாள் வேலை நடக்கும் நாளா என்று கேட்டார்கள். தேதி போட்டதும் அந்தப் பேச்சே எழவில்லை.

“தோல்வி” என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். தேர்விலும் தேர்தலிலும் தோற்கலாம். காசு அனுப்பும்போது தோற்றுவிட்டீர்கள் என்று சொன்னால், தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டதாக வயதானவர்கள் பயப்படுகிறார்கள். பயந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கைபேசியைக் கொடுத்துவிடுகிறார்கள், PIN-ஐயும் சேர்த்துச் சொல்லி. இது சிறிய விஷயம் இல்லை.

அப்புறம் எஸ்எம்எஸ். இங்கேதான் தமிழின் வாக்கிய அமைப்பே நமக்கு எதிராகத் திரும்புவதைப் பார்த்தேன்.

தமிழில் வினை கடைசியில் வரும். வேண்டும், வேண்டாம் என்பது அந்த வினைக்கும் கடைசியில் வரும். ஓடிபி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் இருந்த வரி இது: “உங்கள் ஓடிபி எண்ணை எவருடனும் பகிர்ந்துகொள்ள வேண்டாம்”. பூட்டிய திரையில் மேலே எட்டிப்பார்க்கும் அறிவிப்பில் இடம் போதாமல் அது இப்படி நின்றது: “உங்கள் ஓடிபி எண்ணை எவருடனும் பகிர்ந்துகொள்ள…”

பகிர்ந்துகொள்ளலாம் என்றுதானே மனம் நிரப்பும்? ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும், வெட்டினாலும் மிஞ்சும். நமக்கு வெட்டுப்படுவது முதலில் மறுப்புதான். அன்றிலிருந்து எந்த எச்சரிக்கை எழுதினாலும், கடைசிச் சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்க்கிறேன். பொருள் தலைகீழானால் அந்த வாக்கியம் வேண்டாம்.

நீளமும் ஒரு தடை. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 இடம் கொள்ளும். தமிழ் எழுத்து ஒன்று வந்துவிட்டால்கூட அது 70 ஆகிவிடும். அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்துகள் இல்லை. “க்” என்பதில் ககரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு. “கொ” இரண்டு. ஓடிபி என்று நாம் மூன்று எழுத்தாகப் பார்ப்பது ஐந்து இடம். மேலே சொன்ன பழைய எச்சரிக்கை வரி மட்டும் 52 இடத்தைத் தின்றது. ஓடிபி எண், தொகை, வங்கியின் பெயர் எல்லாம் போக எச்சரிக்கைக்கு மிஞ்சியது 40-க்கும் குறைவு. 70-ஐத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ்ஸாகக் கணக்கிடுவார்கள், வங்கிக்கு இரட்டிப்புச் செலவு. எச்சரிக்கையையே எடுத்துவிடலாம் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

மறுப்பே இல்லாமல் எழுதிப் பார்த்தேன். “ஓடிபி கேட்பவர் மோசடிக்காரர்.” 28 இடம். வெட்டினாலும் பொருள் மாறாது. மிகவும் மகிழ்ச்சியாக அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோனேன். மளிகைக் கடை அக்கா படித்ததுமே கேட்டார்: “சிலிண்டர் போடுற தம்பி கேக்குறாரே, அவர் மோசடிக்காரரா?” எரிவாயு சிலிண்டர் கொடுக்கும்போது கைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்ல வேண்டும், பொருள் கொண்டுவந்து கொடுப்பவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் எல்லாம் நல்லவர்கள். வாரம் ஒருமுறை பொய்யாகும் எச்சரிக்கையை யார் நம்புவார்கள்? “இந்த” என்ற சொல்லைச் சேர்த்தேன். “இந்த ஓடிபியைக் கேட்பவர் மோசடிக்காரர்.” 37 இடம். இடத்துக்குள் அடங்கியது. இதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி வார்ப்புருவாகப் பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். பதிவான வாசகத்தில் இருந்து அனுப்பும் வாசகம் மாறினால் எஸ்எம்எஸ் தடுக்கப்படும். ஆகவே பதிவுக்கு முன்பே மக்களிடம் காட்டிவிடுவது நல்லது. நாங்கள் முதல் வடிவத்தைப் பதிவு செய்துவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் செய்தோம்.

செயலிக்குள் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டும் சிக்கல் தனி. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வாரத்திலேயே இதில் விழுவார்கள். கோப்பில் வரி இப்படி வரும்:

```xml
<string name="pay_done">%1$s க்கு ₹%2$s அனுப்பப்பட்டது</string>
```

`%1$s` இருக்கும் இடத்தில் பெயர் வந்து உட்காரும். குமாருக்கு, மாலாவுக்கு, வள்ளிக்கு என்று பெயருக்குப் பெயர் சாரியை மாறுவது செயலிக்குத் தெரியாது. “மாலா க்கு” என்று வரும். வங்கிப் பதிவில் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருப்பதால் இன்னும் மோசமாகத் தெரியும். உருபை ஒட்ட வைக்க முயலாமல், பெயரைத் தனி வரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும்:

```xml
<string name="pay_done">₹%2$s அனுப்பியாயிற்று\nபெற்றவர்: %1$s</string>
```

இதில் அழகைத் தாண்டி ஒரு பயனும் உண்டு. பெயர் தனி வரியில் நிற்கும்போது அது யாருடைய பெயர் என்று மக்கள் பார்க்கிறார்கள். பணம் அனுப்புவதற்கு முந்தைய திரையிலும் இதே அமைப்பை வைத்தோம். “இது யாரு, நம்ம கடைக்காரர் பேரு இல்லையே” என்று ஒருவர் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

சோதிப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “புரியுதா?” என்று கேட்கவே கூடாது. நம் ஊரில் அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், வந்த பெண்ணை வருத்தப்படுத்தக் கூடாது என்று. “எப்படி இருக்கு?” என்றால் “நல்லாருக்கு.” நான் மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்போது உங்கள் காசு எங்கே இருக்கிறது? இந்தப் பட்டனைத் தொட்டால் என்ன ஆகும்? நீங்கள் என்ன செய்வீர்கள்? பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்கிறேன். ஏறும், பிடிச்சுட்டாங்க, போய்ச் சேரலை, நம்பரைப் போடு. எனக்கு வேண்டிய சொற்பட்டியல் அந்தத் தாளில் இருந்துதான் வந்தது.

இன்னொன்று, போனில் யாராவது பேசிக்கொண்டே இருக்கும் நிலையில் சோதிக்க வேண்டும். மோசடி அமைதியான அறையில் நடப்பதில்லை. என் தோழி பக்கத்துத் திண்ணையில் இருந்து போன் போட்டு, “சீக்கிரம் அக்கா, நேரம் முடியப் போகுது, அமுக்குங்க” என்று பேசிக்கொண்டே இருந்தாள். விளையாட்டுதான் என்று தெரிந்தே அந்தப் பெண்கள் பதறினார்கள். அந்தப் பதற்றத்தில் இரண்டாவது வரியை யாருமே படிக்கவில்லை. மூன்று வரி எச்சரிக்கை எனக்கு அன்றோடு முடிந்தது. “உங்கள் கணக்கில் இருந்து ₹2,000 போகும்” என்பதைப் பெரிய எழுத்தில் தனியாக மேலே வைத்ததும், அதற்குப் பிறகுதான்.

ஏமாந்த பிறகு வரும் திரையை நான் கடைசியாகத்தான் கவனித்தேன், முதலில் கவனித்திருக்க வேண்டும். 1930 என்ற உதவி எண் “மேலும் அறிக” என்ற இணைப்புக்குள்ளே, ஒரு பக்கம் நீள விளக்கத்தின் அடியில் இருந்தது. பணம் போன முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் அது அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. இப்போது அந்தத் திரையில் முதல் வரி: “பணம் போய்விட்டதா? இப்போதே 1930-க்குப் பேசுங்கள்.” அதன் கீழே தொட்டால் அழைப்பு போகும் பட்டன். மற்ற விளக்கமெல்லாம் அதற்கும் கீழே.

2025 அக்டோபர் 1 முதல் தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் யுபிஐயில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியே நிறுத்தப்பட்டுவிட்டது. நான்கு முறை எழுதிய அந்தத் திரை அந்த வடிவில் இனி தேவைப்படாது. ஆனால் அந்த வாக்கியத்தைத் தூக்கிப்போட முடியவில்லை. இப்போது க்யூஆர் படத்தை அனுப்பி, “இதை ஸ்கேன் பண்ணுங்கம்மா, காசு ஏறிடும்” என்கிறார்கள். வினைச்சொல் மாறவில்லை. ஸ்கேன் செய்ததும் வரும் திரைக்கு இதை எழுதியிருக்கிறேன்:

“ஸ்கேன் செய்தால் பணம் போகும். வராது.”

கடைசிச் சொல்லை விரலால் மறைத்துப் பார்த்தேன், பொருள் நிற்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நத்தம் பக்கம் போகும்போது எடுத்துப் போகிறேன்.